பார் பிடிக்கும் முன் ஒரு வார்த்தை

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பகுதியில் பார் பிடித்து மக்காச்சோளம் போடும் உழவர்களுக்கு,

நானும் உங்களில் ஒருவன். உடுமலைப் பக்கம் செம்மண் தோட்டம். வேளாண் பொறியியல் படித்தேன், பிறகு அப்பாவின் நிலத்துக்கே திரும்பினேன். நமது பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிந்து கிடக்கிறது. நம் மண்டலத்துக்கு வாய்க்கால் தண்ணீர் வரும்வரை கிணற்றையும் போரையும் நம்பித்தான் பயிர் நிற்கிறது. அதனால் மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்குக் கணக்கு. சொட்டுநீர் போட்டுவிட்டவர்களுக்கு இந்த மடல் தேவைப்படாது. சாலில் தண்ணீர் கட்டுகிறவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன்.

டிராக்டரில் பார் கலப்பையை மாட்டிவிட்டால் வரப்பிலிருந்து வரப்பு வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிடுகிறோம். நிலம் எவ்வளவு நீளமோ சாலும் அவ்வளவு நீளம். அதன் பிறகு, கைக்கு வந்தபடி சில சால்களில் மடையைத் திறந்துவிடுகிறோம். சாலின் நீளத்தை வரப்பும், மடைநீரின் அளவை மண்வெட்டியும் முடிவுசெய்கின்றன. இந்த இரண்டையும் நாமே, ஒன்றோடொன்று பொருத்தி, முன்கூட்டி முடிவுசெய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

என் தோட்டத்தில் ஒரு துண்டு 160 மீட்டர் நீளம். வாட்டம் குறைவு. கொத்தனாரின் டியூப் லெவலை வாங்கி வைத்துப் பார்த்தேன். 100 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. அதாவது 0.3 சதவீதம். பார்களுக்கு இடையே 60 சென்டிமீட்டர். மோட்டார் தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் பிடித்தேன். 33 நொடியில் நிறைந்தது. நொடிக்கு 6 லிட்டர். வழக்கப்படி அந்தத் தண்ணீரைப் பன்னிரண்டு சாலுக்குப் பிரித்து விட்டிருந்தோம். சாலுக்கு அரை லிட்டர்.

“மெல்லப் போனாத்தான் மண்ணு நல்லாக் குடிக்குங் கண்ணு” என்பார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. நானும் அதையே நம்பினேன். ஆனால் பூக்கிற சமயத்தில், காலை பத்து மணிக்கே கடைசி நாற்பது மீட்டர் பயிர் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். தலைப்பக்கம் பயிர் வளர்த்தியாக இருக்கும், ஆனால் வெளிறிக் கிடக்கும். ஒரே விதை, ஒரே உரம், ஒரே நாளில் விதைத்தது.

ஒரு நாள் விடியற்காலையில் ஒரு சாலின் ஓரமாக நாற்பது மீட்டருக்கு ஒரு குச்சி நட்டுவைத்து, கையில் கடிகாரத்தோடு தண்ணீரின் முனையைப் பின்தொடர்ந்து நடந்தேன். முதல் குச்சியைத் தொட 10 நிமிடம். இரண்டாவது குச்சிக்கு, மடை திறந்ததிலிருந்து 29 நிமிடம். மூன்றாவதுக்கு 60. கடைசிக்கு 105. முதல் நாற்பது மீட்டரைப் பத்து நிமிடத்தில் கடந்த தண்ணீர், கடைசி நாற்பது மீட்டரைக் கடக்க 45 நிமிடம் எடுத்துக்கொண்டது. காரணம் எளிது. முனை முன்னால் போகப் போக, பின்னால் நனைந்திருக்கும் சால் முழுவதும் குடித்துக்கொண்டே இருக்கிறது. முனைக்குப் போய்ச்சேரும் தண்ணீர் மீட்டருக்கு மீட்டர் குறைகிறது.

வழக்கம்போலத் தண்ணீர் கடையைத் தொட்டதும் மடையை அடைத்தேன். மறுநாள் இரும்புக் கம்பியை ஊன்றிப் பார்த்தேன். ஈரம் இறங்கிய ஆழம் வரைக்கும் கம்பி சுலபமாகப் போகும். காய்ந்த மண் தட்டியதும் நின்றுவிடும். தலையில் இரண்டடி போனது. கடையில் ஒரு சாண் தாண்டியதும் நின்றது. இலை ஏன் சுருண்டது என்பதற்கு அந்தக் கம்பியே பதில் சொல்லிவிட்டது.

இங்கே இரண்டு நேரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் தலையிலிருந்து கடைக்குப் போய்ச்சேரும் நேரம் ஒன்று. ஓர் இடத்தில் தேவையான அளவு மண்ணுக்குள் இறங்க, அந்த இடத்தில் தண்ணீர் நிற்க வேண்டிய ஊறும் நேரம் மற்றொன்று. முதலாவது நம் கையில் இருக்கிறது. இரண்டாவது மண்ணின் குணம்.

ஊறும் நேரத்தைக் கண்டுபிடிக்க நான் செய்த சோதனையை யாரும் அரை நாளில் செய்துவிடலாம். வளர்ந்த மக்காச்சோளத்துக்கு ஒரு தண்ணீரில் 40 மில்லிமீட்டர் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இரண்டடி வேர் ஆழத்தில், பயிர் எடுக்கக்கூடிய ஈரத்தில் பாதி தீர்ந்த நிலையில் என் மண்ணுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும். சால் இடைவெளி 60 சென்டிமீட்டர் என்பதால், சாலின் ஒவ்வொரு மீட்டருக்கும் 24 லிட்டர் இறங்க வேண்டும். ஒரு சாலில் ஐந்து மீட்டர் நீளத்தை இரண்டு பக்கமும் தகரம் வைத்து அடைத்தேன். தண்ணீர் ஊற்றி, வழக்கமாகச் சாலில் ஓடும் உயரத்தில் ஒரு குச்சியில் அடையாளம் போட்டேன். மட்டம் இறங்க இறங்க 15 லிட்டர் குடத்தால் அடையாளம் வரைக்கும் ஊற்றி, குடங்களை எண்ணினேன். ஐந்து மீட்டருக்கு வேண்டியது 120 லிட்டர், அதாவது எட்டுக் குடம். எட்டாவது குடம் முடிய இரண்டு மணி நேரமானது. இரண்டு பக்கத்துச் சால்களிலும் அதே சமயம் தண்ணீர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் காய்ந்த மண்ணுக்கு ஓடிவிடும், கணக்குத் தப்பும்.

ஆக, கடையிலும் இரண்டு மணி நேரம் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் அங்கே போய்ச்சேரவே 105 நிமிடம் ஆகிறது. கடைக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் மொத்தம் 225 நிமிடம் மடை திறந்திருக்க வேண்டும். அதற்குள் தலையில் மீட்டருக்கு 35 லிட்டர் இறங்கிவிடுகிறது. வேண்டியது 24. மிச்சம் 11 லிட்டர் வேருக்குக் கீழே போகும், போகும்போது யூரியாவையும் கரைத்துக்கொண்டு போகும். இப்படி யூரியா கீழே போனால் தலைப்பக்கப் பயிர் வெளிறும். சீக்கிரம் அடைத்தால் கடை காய்கிறது. தாமதமாக அடைத்தால் தலை வீணடிக்கிறது. இந்த நீளத்துக்கு இந்தத் தண்ணீர் என்றால், எந்த நேரத்தில் அடைத்தாலும் தவறுதான்.

பாசனப் பொறியியலில் இதற்கு ஒரு பழைய விதி உண்டு. போய்ச்சேரும் நேரம், ஊறும் நேரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. என் மண்ணில் ஊறும் நேரம் 120 நிமிடம். அப்படியானால் தண்ணீர் 30 நிமிடத்தில் கடையைத் தொட வேண்டும். அப்போது தலை 150 நிமிடமும் கடை 120 நிமிடமும் குடிக்கும். மண் போகப் போக மெதுவாகக் குடிப்பதால், தலைக்குக் கிடைக்கும் மிச்சம் ஏழில் ஒரு பங்கோடு நின்றுவிடும்.

முப்பது நிமிடத்தில் கடையைத் தொட இரண்டு வழிகள்: நீரைக் கூட்டலாம், அல்லது நீளத்தைக் குறைக்கலாம்.

நீரைக் கூட்டுவதற்குச் செலவே இல்லை. பன்னிரண்டு சாலுக்குப் பிரிப்பதற்குப் பதில் ஆறு சாலுக்குப் பிரித்தால் சாலுக்கு ஒரு லிட்டர். அதே 160 மீட்டரைத் தண்ணீர் 40 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. இரண்டு மடங்கு நீர்தானே, நேரம் பாதிதானே குறையும் என்று நினைத்திருந்தேன்; பாதிக்கும் கீழே குறைந்தது. வழியில் மண் குடிக்கக் கிடைக்கும் நேரமும் சேர்ந்து குறைவதே காரணம். பெரியப்பா சொன்னது ஓர் இடத்தில் நிற்கும் தண்ணீருக்குச் சரி. ஓட வேண்டிய தண்ணீருக்கு அது பொருந்தாது.

ஆனால் நீரைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. 0.6 என்ற எண்ணை வாட்டத்தின் சதவீதத்தால் வகுத்தால், ஒரு சாலில் அரிப்பில்லாமல் விடக்கூடிய அதிகபட்ச நீர் நொடிக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். என் 0.3 சதவீத வாட்டத்துக்கு 2 லிட்டர். அரை சதவீத வாட்டமாக இருந்தால் 1.2 லிட்டர்தான். கிட்டத்தட்டச் சமமான நிலத்தில் இந்தக் கணக்கு பெரிய எண்ணைக் காட்டும். ஆனால் 3 லிட்டருக்கு மேல் போனால் தண்ணீர் பாரைத் தாண்டி வழியும். இதெல்லாம் ஒரு தோராயம்தான். உங்கள் மண்ணின் உண்மையான எல்லையைச் சாலே காட்டும். தலையிலிருந்து பத்து மீட்டருக்கு அப்பால் தண்ணீர் செந்நிறமாகக் கலங்கியே ஓடினால், மடைவாயில் குழி விழுந்தால், கடையில் வண்டல் மேடு தட்டினால், நீர் அதிகம் என்று பொருள். புதிதாகப் பார் பிடித்த இளகிய மண்ணில் இது சீக்கிரமே நடக்கும்.

நீரைக் கூட்டியே எல்லாவற்றையும் சமாளித்துவிடலாமே, நீளத்தை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்கலாம். நானும் ஒரு பருவம் அப்படித்தான் இருந்தேன். வளர்ந்த பயிருக்கு அது போதுமானதாக இருந்தது. இளம் பயிரில்தான் மாட்டிக்கொண்டேன்.

விதைத்து இரண்டு மூன்று வாரம் வரை வேர் ஓரடிகூடப் போயிருக்காது. அப்போது 20 மில்லிமீட்டர் போதும், அதாவது மீட்டருக்கு 12 லிட்டர். மண் தொடக்கத்தில் வேகமாகக் குடிப்பதால் பாதித் தண்ணீருக்குப் பாதி நேரம் ஆவதில்லை. இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்ட மண், பாதியளவை 38 நிமிடத்திலேயே குடித்துவிடுகிறது. போய்ச்சேரும் நேரமோ, சாலுக்கு ஒரு லிட்டர் விட்டாலும் 40 நிமிடம். கடையைத் தொடும்போதே தலை வேண்டியதைக் குடித்து முடித்திருக்கிறது. கடைக்கும் கொடுத்து முடிக்கும்போது தலையில் ஒன்றரை மடங்கு இறங்கியிருக்கும். சாலை இரண்டாக வெட்டி 80 மீட்டர் ஆக்கினால், அதே ஒரு லிட்டர் 14 நிமிடத்தில் கடையைத் தொடுகிறது. நாலில் ஒரு பங்கு என்ற விதிக்குள் அது முழுதாக வராது என்றாலும், தலையில் மிச்சம் ஐந்தில் ஒரு பங்கோடு நிற்கிறது.

இந்த மடலின் மையம் இதுதான். மடைநீரை ஒவ்வொரு தண்ணீருக்கும் மாற்றிக்கொள்ளலாம். சாலின் நீளத்தைப் பார் பிடிக்கும் நாளில் ஒரே ஒரு முறைதான் முடிவுசெய்ய முடியும். ஆகவே நீளத்தை, அந்தப் பருவத்தில் கொடுக்கப்போகும் மிகக் குறைந்த தண்ணீரை மனதில் வைத்து முடிவுசெய்யுங்கள். நீரை அந்தந்த நாளுக்கு ஏற்ப முடிவுசெய்யுங்கள்.

நான் 80 மீட்டரில் குறுக்கு வாய்க்கால் போட்டேன். அதற்குப் போனது ஒன்றரை மீட்டர் இடம். நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு. மேல்பாதிச் சால்களின் கடையை, வாய்க்காலுக்கு முன்பே மண் அணைத்து அடைத்தேன். வாய்க்கால் ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும். ஒரு முனை தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துச் சாலுக்கு நீர் அதிகம் போய்விடும்.

இனி, சாலுக்கு அரை லிட்டர் என்று அளந்து எப்படி விடுவது? மண்வெட்டியால் வெட்டும் மடை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. ஓடும் தண்ணீர் மடைவாயை அரித்து இன்னும் பெரிதாக்கும். நான் இரண்டு சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள கருப்புக் குழாயை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக நறுக்கி, 24 துண்டுகள் வைத்திருக்கிறேன். வாய்க்காலில் முழுதாக அமிழ்த்தி, உள்ளே காற்றில்லாமல் நிறைத்து, ஒரு முனையைக் கட்டைவிரலால் பொத்தி, கரைக்கு மேலாக வளைத்துச் சாலுக்குள் போட்டு விரலை எடுத்தால் தண்ணீர் தானாக இறங்கும். சைஃபன் என்பது இதுதான். வாய்க்கால் நீர்மட்டம் சாலின் நீர்மட்டத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு குழாயில் நொடிக்குக் கால் லிட்டர் போகும். 24 குழாய்க்கு 6 லிட்டர். மோட்டார் தருவதும் அதுவே.

இளம் பயிருக்கு ஆறு சாலில் நாலு நாலு குழாய் போடுகிறேன். வளர்ந்த பயிருக்கு முறை வேறு. முதலில் பன்னிரண்டு சாலில் இரண்டிரண்டு குழாய், சாலுக்கு அரை லிட்டர். அரை மணி நேரத்தில் கடையைத் தொட்டுவிடும். உடனே 24 குழாய்களையும் எடுத்து அடுத்த பன்னிரண்டு சாலுக்கு மாற்றுவேன்; அதற்கும் அரை மணி. பிறகு 24 சாலுக்கும் ஒவ்வொரு குழாய், கால் லிட்டர் வீதம் 80 நிமிடம். சால் முழுவதும் நனைந்த பிறகு மண் மெதுவாகத்தான் குடிக்கும். முழு நீரையும் தொடர்ந்து விட்டால் கடையில் தேங்கிப் பாரை உடைக்கும். அதனால்தான் பாதியாகக் குறைப்பது. கடை அடைத்திருப்பதால் வழிந்தோடவும் வழியில்லை. கடைசியில் தேங்கும் கொஞ்சத் தண்ணீர் அங்கேயே இறங்கிக் கடையின் குறையை நிரப்புகிறது.

முதல் பன்னிரண்டு சாலும் நடுவே அரை மணி நேரம் தண்ணீரின்றிக் கிடக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். விட்டு விட்டுப் பாய்ச்சினால், நனைந்த மேல்மண் படிந்து இறுகி, அடுத்த முறை குறைவாகக் குடிக்கும்; தண்ணீர் வேகமாக நகரும். அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ட்ரிங்ஹாமும் கெல்லரும் 1979-இல் இதையே ஒரு பாசன முறையாக முன்வைத்தார்கள். செம்மண்ணுக்கு இது கைகொடுக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 24 சால், 80 மீட்டர் நீளம், மொத்தம் 140 நிமிடம். ஏக்கருக்கு எட்டே கால் மணி நேரம் வருகிறது. பழைய முறையில் கடைக்கும் இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தால் ஏக்கருக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடையைக் காயவிட்டபோது ஆறு மணி நேரத்தில் முடிந்தது என்பதும் உண்மைதான். அந்த ஆறு மணி நேரத்துக்குக் கடைசி நாற்பது மீட்டர் மகசூலை விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது இரும்புக் கம்பி தலையிலும் கடையிலும் ஏறக்குறைய ஒரே ஆழம் போகிறது.

என் எண்களை அப்படியே உங்கள் நிலத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக உணவு வேளாண் அமைப்பின் பாசனக் கையேடு சிறு விவசாயிகளுக்குத் தோராய நீளங்களைத் தருகிறது. வாட்டம் 0.3 சதவீதம், ஒரு தண்ணீருக்கு 50 மில்லிமீட்டர் என்றால், மணற்பாங்கான மண்ணில் 75 மீட்டர், இருமண்பாட்டு நிலத்தில் 130 மீட்டர், களிமண்ணில் 150 மீட்டர் வரை போகலாம். இவை அதிகபட்ச எல்லைகள். ஒரு தண்ணீருக்குக் கொடுக்கும் அளவு குறைந்தால் நீளமும் குறைய வேண்டும்.

கரிசல் காட்டில் கதை வேறு. காய்ந்து வெடித்த மண், முதலில் வெடிப்பு நிறையக் குடிக்கும், வெடிப்பு மூடியதும் குடிப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். அங்கே நாலில் ஒரு பங்கு விதியைவிட, வெடிப்பு பெரிதாவதற்கு முன் தண்ணீர் கட்டுவதே முக்கியம். வாட்டம் அரை சதவீதத்துக்கு மேல் இருந்தால், வாட்டத்தோடு நேராக இழுக்காமல் சற்றுக் குறுக்காகச் சால் பிடித்து வாட்டத்தைக் குறையுங்கள். நடுவில் பள்ளம் இருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. முதலில் அதை நிரவுங்கள்.

மண் ஒரே பருவத்துக்குள்ளும் மாறும். பார் பிடித்தபின் முதல் தண்ணீரில் மண் பொலபொலவென்று இருப்பதால் அதிகம் குடிக்கும். இரண்டு மூன்று தண்ணீருக்குப் பிறகு படிந்துவிடும். களை எடுத்து மண் அணைத்தால் மறுபடி இளகும். ஆகவே ஒரு முறை அளந்ததோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு சாலில் மட்டும், கடையைத் தொட்ட நேரத்தைக் குறித்துவையுங்கள். நேரம் நீண்டால் குழாயைக் கூட்டுங்கள். கடையில் தேங்கினால் குறையுங்கள்.

அடுத்த பருவத்துக்குப் பார் கலப்பையை மாட்டும் முன் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. டிரம்மில் மோட்டார் தண்ணீரை அளவெடுங்கள். டியூப் லெவலில் வாட்டத்தைப் பாருங்கள். இப்போது நிற்கும் பயிரில் ஒரு சாலைத் தேர்ந்து, குச்சி நட்டு, தண்ணீரோடு ஒரு முறை கடை வரைக்கும் நடந்து பாருங்கள். அடுத்த நாள் கம்பியை ஊன்றிப் பாருங்கள். தலைக்கும் கடைக்கும் ஆழ வித்தியாசம் ஒரு சாணுக்கு மேல் இருந்தால், குறுக்கு வாய்க்கால் எங்கே வர வேண்டும் என்பதை அன்றே முடிவுசெய்துவிட்டு, பிறகு டிராக்டரைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு சாலில் தண்ணீர் கட்டும் ஒருவன்